பூனைக்குட்டி எப்போது சாப்பிடத் தொடங்கும், எப்போது தாயைப் பிரியலாம்?

பரணிலோ மாடிப்படிக்குக் கீழேயோ பூனை குட்டி போட்டுவிட்டால், அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "கண்ணத் திறந்திருச்சுல்ல, ஒண்ண நான் எடுத்துக்கிடட்டுமா?" கண் திறப்பது பிறந்து 7 முதல் 14 நாட்களுக்குள் நடந்துவிடுகிறது. அந்த வயதில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூட வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். உடல் சூட்டையும் அதனால் தக்கவைத்துக்கொள்ள முடியாது. ஆகவே கண் திறப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த கேள்வி இரண்டு மூன்று வாரம் கழித்து வரும்: "தானா சாப்பிடுதே, இனிமே எடுத்துட்டுப் போலாம்தானே?" இதைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குட்டி திட உணவைத் தொடுவது ஏறக்குறைய 4 வாரத்தில். தாயை விட்டுப் போகத் தயாராவது, எவ்வளவு அவசரப்பட்டாலும், 8 வாரத்துக்கு முன்பு இல்லை. 12 வாரம் வரை தாயோடு இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிடத் தொடங்கிவிட்டது என்பதற்காகப் பிரிக்கப்படும் குட்டிகள்தான் பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் வாரத்திலேயே வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வயிறு கெட்டு, மெலிந்து, மருத்துவரிடம் வருகின்றன.

வயதைப் பல்லில் பாருங்கள்

பிறந்த தேதி தெரிந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் நம் ஊரில் பூனை எங்கோ ஓரிடத்தில் குட்டி போட்டு, வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்து (ஏழு வீடு மாத்தும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்), கடைசியில் ஒருநாள் நம் வீட்டுக் குட்டிகளாகத் தெரியவரும். அப்போது நம்பகமான சாட்சி பல்தான்.

குட்டியைக் கையில் பிடித்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல ஒதுக்கினால் போதும், வாயைப் பிளக்க வேண்டாம். முன்பக்கம் ரவை போலப் பொடிப்பற்கள் எட்டிப் பார்த்தால் இரண்டரை, மூன்று வாரம். அவற்றின் இரு ஓரத்திலும் கூரான கோரைப்பல் முளைத்திருந்தால் மூன்றரை முதல் நான்கு வாரம். கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னப் பக்கம், முக்கோணமாகக் கடைவாய்ப் பற்கள் வர ஆரம்பித்திருந்தால் ஐந்து, ஆறு வாரம். எட்டு வாரத்துக்குள் 26 பால்பற்களும் வந்துவிடும். உதட்டை ஒதுக்கி வெறும் ஈறுதான் தெரிகிறது என்றால் அது முழுக்கத் தாய்ப்பால் குட்டி. தட்டில் எதை வைத்தாலும் பயனில்லை.

நடையும் உதவும். மூன்று வாரத்தில் வால் நட்டுக்கொண்டு தள்ளாடும். நான்கில் ஓரளவு நேராக நடக்கும். ஐந்தில் ஓடி, கூடப்பிறந்தவற்றின் மேல் பாயும். பிறக்கும்போது எல்லாக் குட்டிகளுக்கும் இருக்கும் நீலக் கண், ஆறு ஏழு வாரத்தில்தான் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும். ஆகவே கண் இன்னும் சுத்தமான நீலமாக இருந்தால், பிரிக்கும் பேச்சையே எடுக்க வேண்டாம்.

எடை வேறு ஒன்றைச் சொல்லும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டுக் குட்டியை உட்கார வையுங்கள். பிறந்தபோது சுமார் 100 கிராம். பிறகு வாரத்துக்கு 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். நான்கு வாரத்தில் 400 கிராமை ஒட்டி, எட்டு வாரத்தில் 800, 900 கிராம். ஆனால் எடையை மட்டும் வைத்து வயதைச் சொன்னால் ஏமாந்துவிடுவோம். கன்னப் பல் முளைத்த, கச்சிதமாக ஓடுகிற ஒரு குட்டி 420 கிராம்தான் இருக்கிறது என்றால், அது நான்கு வாரக் குட்டி அல்ல. பால் போதாமல், அல்லது வயிற்றில் புழுவோடு, இளைத்துப் போன ஆறு வாரக் குட்டி. பல்லில் வயதைப் பார்க்க வேண்டும். எடையில் அந்த வயதுக்கு அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

முதல் தட்டு

கோரைப்பல் வந்துவிட்டது, நிற்கும்போது விழவில்லை, தாய் சாப்பிடும் தட்டுப் பக்கம் போய் முகர்ந்து பார்க்கிறது, உங்கள் விரலைச் சப்பாமல் கடிக்கிறது. இவை சேர்ந்து தெரிந்தால் ஆரம்பிக்கலாம். தாயின் நடத்தையிலும் அப்போது ஒரு மாற்றம் வரும். குட்டிகள் மடியைத் தேடி வந்ததும் எழுந்து போய்விடும். குட்டிகளால் ஏற முடியாத நாற்காலியிலோ ஜன்னல் திட்டிலோ போய் உட்காரும். பல் குத்துகிறது, அதனால்தான். வெளியே போய் வரும் தாயாக இருந்தால் எலியையோ பல்லியையோ கவ்விக்கொண்டு வந்து குட்டிகள் முன்னால் போடும்.

தாய் உறுமினாலும் ஒரு தட்டு தட்டினாலும் பயந்து குட்டிகளைத் தனியே எடுத்துவிடாதீர்கள். "தாயே வேண்டாம்னு சொல்லுது" என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பால் குடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது தாயின் வேலை, அதை அது செய்கிறது. ஐந்து நிமிடத்தில் அதே தாய் அந்தக் குட்டியைப் பிடித்து நக்கிக்கொண்டிருக்கும்.

உணவு என்று வரும்போது, குட்டிப் பூனைகளுக்கென்று விற்கும் உணவுதான் சரி. பெரிய பூனைக்கானது வேண்டாம், நாய்க்கானது வேண்டவே வேண்டாம். பவுச்சில் வரும் ஈர உணவு என்றால் வெந்நீர் கொஞ்சம் விட்டுக் கூழாகக் குழைத்துக்கொள்ளலாம். உலர் உணவு என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டு, மத்தாலோ முள்கரண்டியாலோ கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். கஞ்சிப் பதம். உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்தால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த உணவுக்கு வாசனை எழாது, குட்டி திரும்பியும் பார்க்காது.

கிண்ணம் வேண்டாம், விளிம்பே இல்லாத தட்டோ எவர்சில்வர் மூடியோ போதும். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுக் குட்டியின் உதட்டில் தடவுங்கள். நக்கிப் பார்க்கும். மறுபடி தடவும்போது விரலை மெல்லக் கீழே இறக்கித் தட்டுக்குக் கொண்டுபோங்கள். விரலைத் தொடர்ந்து தலை கீழே போகும், நாக்கு கூழில் படும். முகத்தைப் பிடித்துத் தட்டில் அழுத்துவது மட்டும் கூடவே கூடாது. மூக்கில் கூழ் ஏறி, அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

முதல் சில வேளை சாப்பாடு என்று சொல்ல முடியாது. தட்டுக்குள் இறங்கி நிற்கும், நடக்கும், தும்மும், கூடப்பிறந்த குட்டியின் காதில் ஒட்டியதை நக்கும். அதுவும் சாப்பாடுதான். முடிந்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் முகத்தையும் பாதத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். காய்ந்த கூழ் முடியில் ஒட்டிக் கிடந்தால் தோல் புண்ணாகும். ஒரு நாளைக்கு நான்கு வேளை இப்படி வைக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஈர உணவை அரைமணிக்கு மேல் வெளியே விடாமல் எடுத்துவிட வேண்டும்.

தாய் பக்கத்தில் இருந்தால் ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்துவிடும். பதினைந்து நிமிடம் தாயை வேறு அறையில் வைத்து அதற்கும் இதே குட்டி உணவைத் தாராளமாகக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அது மிக நல்லது, கொழுப்பும் புரதமும் கூடுதல். குட்டிகள் முடித்ததும் கதவைத் திறந்துவிடுங்கள். குட்டிகள் பால் குடிக்கட்டும். இந்த வாரங்களில் கூழ் கூடுதல் உணவுதான், தாய்ப்பாலுக்கு மாற்று அல்ல.

ஐந்தாம் வாரத்தில் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கலாம். ஆறில் ஈரமாக இருந்தால் போதும். ஏழு எட்டில் உலர் உணவைக் கடித்து மெல்லும் சத்தம் கேட்கும். கூழ் வைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தாழ்வான தட்டில் தண்ணீரும் இருக்க வேண்டும்.

பால்சோறு ஏன் வேண்டாம்

பூனைக்குப் பால் என்பது நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோன ஒன்று. ஆனால் பூனையின் பாலில் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறனோ, குட்டி தாய்ப்பாலைக் குறைக்கக் குறைக்க அதன் குடலில் குறைந்துகொண்டே வருகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்து, பேதியாகப் போகும். 400 கிராம் உடம்பு ஒரே நாள் பேதியில் வற்றிவிடும். பால்சோறு கொடுத்த குட்டி ஓரிரு நாளில் துவண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். கண் பட்டதாகச் சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள்.

தயிர்சோறு சாப்பிட்டு வளர்கிற பூனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை மீதி வயிற்றை எலியாலும் ஓணானாலும் நிரப்பிக்கொள்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் குட்டிக்கு அந்த வழி இல்லை. டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் வந்தாக வேண்டும், போதிய அளவு தானாகத் தயாரிக்கப் பூனையின் உடலால் முடியாது. அது நீண்டநாள் கிடைக்காவிட்டால் விழித்திரையும் இதயத்தசையும் கெடும். கடை உணவு கையில் இல்லாத ஓரிரு நாள், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியை நன்றாக மசித்து, வெந்த நீரோடு கொடுக்கலாம். குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பது சரியல்ல. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கழுவினாலும் சாறு இறங்கியிருக்கும்.

தராசு சொல்லும் கதை

மூன்று குட்டிகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கொழுகொழு, மூன்றாவது சாம்பல் நிறக் குட்டி, சிறியது. நான்கு வாரம் முடிந்த அன்று அதன் எடை 380 கிராம். தினமும் காலையில், உணவுக்கு முன், ஒரே நேரத்தில் எடை பார்க்கிறோம். 380, 391, 402. நாளுக்குப் பத்து கிராமை ஒட்டி ஏறுகிறது, நல்லது. மூன்றாம் நாள் கூழ் தொடங்குகிறோம். மறுநாள் 404. அதற்கடுத்த நாள் 401. மலம் கொஞ்சம் இளகியிருக்கிறது, ஆனால் குட்டி விளையாடுகிறது, பால் குடிக்கிறது.

இங்கே பதற வேண்டியதில்லை. குடல் புது உணவுக்குப் பழகும் ஒரு நாள் எடை நிற்கலாம். கூழை இன்னும் தண்ணியாக்கி, அளவைக் குறைத்து, தாயோடு கூடுதல் நேரம் விடுகிறோம். அடுத்த நாள் 409 வந்தால் பாதை சரி. மாறாக 401க்குப் பிறகு 394 என்று இறங்கினால், அதாவது இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீராகப் பேதி, ரத்தம், அசையாமல் சுருண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடை பார்க்கக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயிறு மட்டும் உருண்டையாக உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அது கொழுப்பு அல்ல, புழு. பூனையின் உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் பல் முளைக்கும் வயதிலேயே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிடுகிறதே, ஏன் பிரிக்கக் கூடாது?

ஐந்து வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடையே குட்டி செய்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று இன்னொன்றின் காதைக் கடிக்கிறது. கடி அதிகமானால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். மறுபடி வரும்போது கடி மெதுவாகிறது. தாயின் வாலைக் கடித்தால் ஒரு அடி விழுகிறது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடம் இல்லாமல் தனியாக வந்த குட்டி, ஆறு மாதம் கழித்து வீட்டுக் குழந்தையின் கையைப் பிராண்டும்போது "ரொம்ப முரட்டுப் பூனை" என்ற பெயர் வாங்கிக்கொள்கிறது.

ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், 5,700க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயைவிட்டுப் பிரிந்த பூனைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. பதினான்கு வாரத்துக்குப் பிறகு பிரிந்தவற்றிடம் குறைவு. வளர்ப்பவர்களின் பதிலை நம்பிய ஆய்வு என்பதால் இது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பன்னிரண்டு வாரம் என்பதை இன்னும் இரண்டு வாரமாவது நீட்டலாம் என்பதுதான் அவர்களின் பரிந்துரை.

உடம்பின் பக்கமும் காரணம் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி ஆறாம் வாரத்துக்குப் பிறகு படிப்படியாக வடிகிறது. தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை தொடர்வதற்கு இதுதான் காரணம். பழைய பாதுகாப்பு போய், புதியது முழுதாக வராத இந்த நாட்களில், இடம் மாறுதல், உணவு மாறுதல், தாய் இல்லாத பயம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால், பேன்லூகோபீனியா போன்ற வைரஸுக்கு அது திறந்த கதவு.

மனிதர்களிடம் பழகும் வயது இரண்டு முதல் ஏழு வாரம் என்பதும் உண்மை. இதைச் சொல்லித்தான் சிலர் சீக்கிரம் எடுத்துப்போக விரும்புகிறார்கள். அதற்கு வழி எளிது: அவர்களை வந்து போகச் சொல்லுங்கள். தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, குட்டியைக் கையில் எடுத்து, மடியில் வைத்துக் கொஞ்சட்டும். எட்டு வாரத்தில் அந்தக் குட்டி தெரிந்தவர்கள் வீட்டுக்குத்தான் போகும்.

தெருவில், மனிதர்களைக் கண்டாலே ஓடும் தாயின் குட்டிகள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஏழு எட்டு வாரத்துக்குள் மனிதக் கை படாவிட்டால் அவற்றைப் பழக்குவது கடினம். அங்கே பன்னிரண்டு வாரம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எட்டு வாரம் ஆனதும் எடுப்பதே நல்லது, முடிந்தால் இரண்டாக. கூட ஒன்று இருந்தால் கடிக்கும் பாடம் தொடரும். ஆனால் தாய் கண்ணில் படவில்லை என்பதற்காகச் சின்னக் குட்டிகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். அது இரை தேடப் போயிருக்கும். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். வயிறு நிறைந்து, சூடாக, அமைதியாகத் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது.

அனுப்பும் நாள்

எட்டு வாரம் கடந்திருக்க வேண்டும், எடை 800 கிராமுக்குக் குறையாமல், கடைசி ஒரு வாரம் ஒருநாளும் இறங்காமல் இருக்க வேண்டும். நாளின் எல்லா வேளையும் தட்டிலேயே சாப்பிட வேண்டும். பால் குடிப்பது ஆசைக்கு மட்டும் என்றாகியிருக்க வேண்டும். மண் பெட்டியைத் தானே தேடிப் போக வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தால் நிம்மதி.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குட்டியை அரைநாள், உணவு, தண்ணீர், மண் பெட்டியோடு வேறு அறையில் வையுங்கள். கொஞ்ச நேரம் கத்தும், அது இயல்பு. பிறகு தட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் தயார். அரைநாளும் கத்திக்கொண்டே, உணவைத் தொடாமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம் போகட்டும். கொண்டுபோகிறவரிடம் அதே உணவில் இரண்டு வாரத்துக்கானதைக் கொடுத்தனுப்புங்கள். தாய் படுத்த துணியில் ஒரு துண்டும் கூடவே போகட்டும். அந்த வாசனை முதல் சில இரவுகளுக்கு உதவும்.

எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். ஒன்று போய், சில நாள் இடைவெளிவிட்டு அடுத்தது போனால் தாயின் பால் படிப்படியாக வற்றும். சட்டென்று நின்றால் பால் கட்டி, மடி சிவந்து, தொட்டால் சுடும், கல்லாக இருக்கும். தாய் தொடவிடாமல் சீறும். இது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மடி வற்றியதும் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்ய நாள் வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பால் கொடுக்கும் நாட்களிலேயே பூனை மறுபடி சினையாகிவிடும், ஆகவே அறுவை முடியும்வரை அதை வெளியே விடாமல் வைத்திருங்கள்.